முதல் வேலை விண்ணப்பக் கடிதம்: எந்த அறிகுறிக்கு எந்தத் திருத்தம்

காரைக்குடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் அரிசி ஆலை, துணிக்கடை, டைல்ஸ் பட்டறை, பழைய வீடுகளில் நடக்கும் விடுதி என்று பல இடங்களில் முதலாளியே கடிதத்தைப் பிரித்துப் படிப்பார். அங்கெல்லாம் தமிழில் ஒரு பக்க விண்ணப்பக் கடிதம் கேட்பது வழக்கம். அந்த ஒரு பக்கத்தில் வரும் பிழைகளை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த வரிசையில் திருத்துவது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம். என்ன எழுதலாம், எப்படிக் கவரலாம் என்பதெல்லாம் வேறு கதை.

எடுத்துக்காட்டுக்கு, பி.காம். முடித்த ஒருவர் ஆத்தங்குடிப் பக்கம் உள்ள ஒரு டைல்ஸ் பட்டறைக்குக் கைப்பேசியில் தட்டிய வரைவை வைத்துக்கொள்வோம்.

> அன்புள்ள ஐயா,
>
> தங்கள் டைல்ஸ் பட்டரையில் கணக்கு உதவியாளர் பனி காலியாக உள்ளதை அரிந்தேன். நான் அழகப்பா பல்கலைகழகத்தின் இணைவு பெற்ற கல்லூரியில் பி.காம் பட்ட படிப்பு முடித்து, டேலியில் மூன்று மாத பயிற்ச்சி பெற்று, கல்லூரியில் படிக்கும் போது புதுவயல் அரிசி ஆலை ஒன்றில் இரண்டு மாதம் பில் போடும் வேலையை பாத்திருக்கிறேன், அங்கு ஜி.எஸ்.டி. பில்களும் சரக்கு இருப்பும் என்னால் பதிவு செய்யப்பட்டது. உங்கள் நிறுவனத்தின் கணக்குகளை பிழை இன்றி எழுதுவேன் என்பது உறுதி அளிக்கிறேன். என் சான்றிதழ்கள் இத்துடன் இணைத்துள்ளேன். நேர்க்காணலுக்கு அழைக்குமாறு தாழ்மையுடன் கேட்டு கொள்கிறேன்.

எழுதியவருக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. சொல்ல வந்த செய்தியும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏறக்குறைய எல்லா வாக்கியத்திலும் ஏதாவது ஒரு சறுக்கல். கணக்கு எழுதும் வேலைக்கு வந்த கடிதம் என்பதால், படிப்பவரின் கண் நேராக அங்கேதான் போகும்.

திருத்தத் தொடங்குமுன் ஒன்று. பெரும்பாலானோர் முதலில் ஒற்றுப்பிழையைத் திருத்திவிட்டு, பிறகு வாக்கியத்தைச் செதுக்குவார்கள். இது தலைகீழ். ஒற்று மிகுவதும் மிகாததும் அடுத்து வரும் சொல்லைப் பொறுத்தது. வாக்கியத்தை மாற்றினால் அடுத்த சொல் மாறும். போட்ட ஒற்று அநாதையாகத் தொங்கும். ஆகவே முதலில் வாக்கியம், பிறகு எழுத்து, கடைசியில் ஒற்று.

அறிகுறி: வாக்கியத்தை ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை

வரைவின் இரண்டாம் வாக்கியத்தை வாய்விட்டுப் படியுங்கள். "முடித்து", "பெற்று" என்று போய், "பாத்திருக்கிறேன்" என்ற இடத்தில் நிற்காமல் காற்புள்ளி வைத்து மீண்டும் ஓடுகிறது. "பாத்திருக்கிறேன்" முற்று. முற்று வந்துவிட்டால் அங்கே வாக்கியம் முடிந்தது. முற்றுப்புள்ளிதான் வைக்க வேண்டும். பேசும்போது நாம் புள்ளி வைப்பதில்லை, அதனால் இந்தப் பிழை பேச்சிலிருந்து அப்படியே இறங்கிவிடுகிறது.

சோதனை எளிது. ஒவ்வொரு வாக்கியத்திலும் "ஏன்", "து", "அன" என்று முடியும் முற்றுவினைகளின் கீழே பென்சிலால் கோடு போடுங்கள். "என்று", "என்பதை" போன்ற சொற்களுக்கு முன்னால் நிற்கும் முற்றை விட்டுவிடலாம். அதன் பிறகும் ஒரு வாக்கியத்தில் இரண்டு கோடு விழுந்தால், அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இங்கே படிப்பு ஒரு வாக்கியம், பயிற்சி ஒரு வாக்கியம், ஆலை வேலை ஒரு வாக்கியம், அங்கே செய்த பதிவு ஒரு வாக்கியம் என்று நான்காகப் பிரித்துவிடலாம். பிரித்தவுடன் மற்ற பிழைகள் தாமாகவே கண்ணில் படும்.

அறிகுறி: தொடக்கமும் முடிவும் ஒட்டவில்லை

வரைவில் மூன்று இடங்களில் இது இருக்கிறது. மூன்றுக்கும் மூலம் ஒன்றே: இரண்டு வாக்கிய அமைப்புகளை எழுதியவர் மனத்தில் வைத்திருந்து, ஒன்றின் தலையையும் மற்றொன்றின் வாலையும் சேர்த்துவிட்டார்.

"எழுதுவேன் என்பது உறுதி அளிக்கிறேன்." இதற்குள் "எழுதுவேன் என்பது உறுதி" என்ற வாக்கியமும் "எழுதுவேன் என்று உறுதியளிக்கிறேன்" என்ற வாக்கியமும் ஒளிந்திருக்கின்றன. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு இரண்டாவது பொருந்தும்.

"சான்றிதழ்கள் இத்துடன் இணைத்துள்ளேன்." இணைத்தது நான் என்றால் சான்றிதழ் செயப்படுபொருள், "சான்றிதழ்களை" என்று ஐ வர வேண்டும். சான்றிதழே எழுவாயாக நிற்க வேண்டுமென்றால் "சான்றிதழ்கள் இணைக்கப்பட்டுள்ளன". அலுவலகக் கடிதங்களில் இந்த இரண்டாம் வடிவத்தைப் பார்த்துப் பழகியதால்தான் ஐ விட்டுப்போகிறது. "வேலை பார்த்தேன்", "கணக்கு எழுதினேன்" என்று வினையை ஒட்டியே பொதுவாக நிற்கும் பெயருக்கு ஐ இல்லாமல் போகலாம். ஆனால் இன்ன பொருள் என்று குறிப்பாகச் சொல்லும்போதும், பெயருக்கும் வினைக்கும் இடையே "இத்துடன்" போல ஒரு சொல் நுழையும்போதும் ஐ தேவைப்படும்.

"பில்களும் சரக்கு இருப்பும் என்னால் பதிவு செய்யப்பட்டது." இரண்டு பொருள்கள், ஒருமை முடிவு. இலக்கணப்படி "செய்யப்பட்டன" என்று மாற்றினால் சரியாகும். ஆனாலும் அப்படி விட வேண்டாம். "என்னால் செய்யப்பட்டது" என்று எழுதினால் மிடுக்காக இருக்கும் என்று நினைத்து எழுதுகிறார்கள். படிப்பவருக்கு அது சுற்றி வளைத்ததாகத்தான் தெரியும். "பில்களையும் சரக்கு இருப்பையும் பதிவு செய்தேன்" என்று எழுதினால் ஒருமை பன்மைச் சிக்கலே எழாது.

சோதனை: வாக்கியத்தின் கடைசிச் சொல்லை எடுத்து, யார், எதை என்று கேளுங்கள். "இணைத்துள்ளேன்." யார்? நான். எதை? சான்றிதழ்கள். எதை என்ற கேள்விக்கு ஐ இல்லாத விடை வந்தால், அங்கே கொஞ்சம் நின்று பாருங்கள்.

அறிகுறி: பேச்சு எட்டிப்பார்க்கிறது, மரியாதை மாறுகிறது

"பாத்திருக்கிறேன்" என்பதில் ர் காணாமல் போயிருக்கிறது. பேச்சில் பார்த்து "பாத்து" ஆகும், சேர்ந்து "சேந்து" ஆகும், வைத்து "வச்சு" ஆகும். நம் பக்கத்தில் மரியாதையாகப் பேசும்போது "சொன்னாக", "வந்தாக" என்பதும் உண்டு. கடிதத்தில் "சொன்னார்", "வந்தார்" என்றே வர வேண்டும்.

முதல் வாக்கியத்தில் "தங்கள்", பின்னால் "உங்கள்". இரண்டும் தவறில்லை, கலப்பதுதான் தவறு. ஒன்றைப் பிடித்தால் கடைசிவரை அதுவே வரட்டும். அழைப்பும் அப்படித்தான். பட்டறைக்குள் போனபின் முதலாளியை "அண்ணே" என்றும் வீட்டம்மாவை "ஆச்சி" என்றும் அழைப்பீர்கள். கடிதத்தில் "மதிப்பிற்குரிய ஐயா" அல்லது "மதிப்பிற்குரிய அம்மா" போதும். "அன்புள்ள" என்பது தெரிந்தவருக்கு எழுதுவது.

அறிகுறி: பிழைதிருத்தி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பொருள் உதைக்கிறது

இதுதான் மிக ஆபத்தான வகை. வரைவில் "பனி காலியாக உள்ளதை அரிந்தேன்" என்று இருக்கிறது. பனி என்றால் மார்கழியில் பெய்வது. அரிந்தேன் என்றால் காய் நறுக்கினேன். இரண்டும் தமிழில் உள்ள சொற்கள். ஆகவே, சொல் அகராதியில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் கருவி இவற்றைப் பிழை என்று காட்டாது. "பொறுப்பு" என்பதைப் "பொருப்பு" என்று எழுதினாலும் இதே கதைதான். பொருப்பு என்றால் மலை. "பள்ளி" "பல்லி" ஆனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஏன் நடக்கிறது? ர, ற இரண்டையும் பேச்சில் நாம் பிரித்து ஒலிப்பதில்லை. ன, ண இரண்டும் வேகமாகப் பேசும்போது ஒன்றாகிவிடும். இதோடு, ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழில் மாற்றித் தரும் கைப்பேசி விசைப்பலகை சேர்ந்துகொள்கிறது. அது மேலே வரிசையாகச் சொற்களைக் காட்டும். "பணி", "பனி" இரண்டும் அதில் நிற்கும். விரல் முதலில் இருப்பதைத் தொட்டுவிடும். தமிழ்99 விசைப்பலகையில் ண, ன, ந மூன்றுக்கும் தனித்தனி விசை இருப்பதால் இந்த ஊகம் இல்லை. ஆனால் எந்த எழுத்து என்பது அங்கே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு முழு விதி கிடையாது. சொல்லைத் தெரிந்துவைத்திருப்பதுதான் வழி. என்றாலும் மூன்று பூட்டுகள் நிறையப் பிழைகளை அடைத்துவிடும்.

முதல் பூட்டு இன எழுத்து. ட வுக்கு முன் ண் தான் வரும்: வேண்டும், கண்டு. ற வுக்கு முன் ன் தான் வரும்: நன்றி, என்று. த வுக்கு முன் ந் தான் வரும்: அறிந்து, சேர்ந்து. "வேன்டும்" என்று எங்கும் எழுத இடமே இல்லை.

இரண்டாவது, ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு ஒற்று வராது. "பயிற்ச்சி", "முயற்ச்சி", "அதற்க்கு" எல்லாமே பிழை. பயிற்சி, முயற்சி, அதற்கு என்பவையே சரி. ஆட்சி, காட்சி என்பவையும் இந்த வகை. ஆனால் ர், ழ் இரண்டுக்கும் பின்னால் ஒற்று வரலாம்: தேர்ச்சி, வளர்ச்சி, மகிழ்ச்சி. விண்ணப்பக் கடிதத்தில் பயிற்சியும் தேர்ச்சியும் அடுத்தடுத்து வரும் என்பதால், ஒன்றைப் பார்த்து மற்றொன்றையும் அதே மாதிரி எழுதிவிடுகிறார்கள்.

மூன்றாவது, சொல்லின் குடும்பம். "அறிந்தேன்" சரியா என்று ஐயம் வந்தால் "அறிவு", "அறிவிப்பு" என்று அதன் உறவுகளை நினைத்துப் பாருங்கள். "அறிவிப்பு" என்பதைச் சுவரொட்டியில் நூறு தடவை பார்த்திருப்பீர்கள். அதே ற தான் இங்கேயும். "பட்டறை" போலத் தனித்து நிற்கும் சொல்லுக்கு இந்த வழி உதவாது. அகராதியைத்தான் பார்க்க வேண்டும்.

நீச்சல்காரன் உருவாக்கிய வாணி என்ற எழுத்துப்பிழை திருத்தியும், நாவி என்ற சந்திப்பிழை திருத்தியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கடிதத்தை அவற்றில் ஒருமுறை ஓட்டுவது நல்லது. "பயிற்ச்சி" போல அகராதியில் இல்லாத வடிவங்களைப் பிடிக்க அவை உதவும். பொருள் பிழைகளுக்கு மனிதக் கண்தான் வேண்டும். கடிதத்தைக் கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கி, வாக்கியம் வாக்கியமாகப் படித்தால் கதையோட்டத்தில் கண் வழுக்காது.

அறிகுறி: ஒற்று இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, இல்லாத இடத்தில் இருக்கிறது

இப்போதுதான் இதற்கு நேரம். க, ச, த, ப என்று தொடங்கும் சொற்களை மட்டும் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் முன்னால் உள்ள சொல்லின் முடிவைப் பாருங்கள். மற்ற எழுத்துகளில் தொடங்கும் சொற்களை விட்டுவிடலாம். ஒரு பக்கக் கடிதத்தில் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

ஐ அல்லது கு என்ற உருபு வெளிப்படையாக இருந்தால் ஒற்று மிகும்: கணக்குகளைப் பிழையின்றி, வேலையைப் பார்த்தேன், நேர்காணலுக்குத் தயார். "ஆக" என்று முடிந்தாலும் மிகும்: நன்றாகச் செய்வேன். "அம்" என்று முடியும் பெயர் தன் ம் ஐ இழந்து அடுத்த பெயரோடு சேரும்போதும் மிகும்: பட்டப்படிப்பு, மூன்று மாதப் பயிற்சி. வரைவில் உள்ள "பட்ட படிப்பு" என்பதைப் படித்தால், படிப்பு ஏதோ துன்பப்பட்டது போல இருக்கிறது.

"கேட்டு", "படித்து", "எடுத்து" என வல்லின ஒற்றின் மேல் ஏறி முடியும் எச்சங்களுக்குப் பின் மிகும்: கேட்டுக்கொள்கிறேன், எடுத்துக்காட்டு. ஆனால் "வந்து", "அறிந்து", "செய்து" என்பவற்றில் து வுக்கு முன்னால் வல்லின ஒற்று இல்லை. ஆகவே அறிந்துகொண்டேன், செய்துகொடுத்தேன் என்று ஒற்றில்லாமலே வரும். இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் பிடித்துக்கொண்டால் "கொள்", "கொடு", "பார்" சேரும் இடங்கள் எல்லாம் சரியாகிவிடும்.

மிகக் கூடாத இடமும் உண்டு. விதி கற்றவர்கள் தடுக்கிவிழுவது இங்கேதான். "படித்த கல்லூரி", "பெற்ற பயிற்சி" என்று பெயரெச்சம் வந்தால் ஒற்று கிடையாது. "படித்தக் கல்லூரி" என்பது அளவுக்கு மிஞ்சிய கவனத்தில் பிறந்த பிழை. "உடன்" என்பதற்குப் பின்னும் ஒற்று இல்லை: பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். "நேர்காணல்" என்ற சொல்லுக்குள் க் இல்லை. "பல்கலைக்கழகம்" என்ற சொல்லுக்குள் க் உண்டு. இந்த இரண்டையும் அப்படியே மனத்தில் பதித்துக்கொள்ளலாம். எல்லா விண்ணப்பத்திலும் வருபவை.

திருத்தி முடித்தபின் அநாதை ஒற்றைத் தேடுங்கள். "வேலையைப் பார்த்தேன்" என்பதற்கு நடுவில் பிறகு "நன்றாக" நுழைத்தால், "வேலையைப் நன்றாகப் பார்த்தேன்" என்று முதல் ப் பழைய இடத்திலேயே தங்கிவிடும். ஒரு சொல் க், ச், த், ப் என்று முடிந்தால், அடுத்த சொல் அதே எழுத்தில்தான் தொடங்க வேண்டும். இல்லையென்றால் அது அநாதை ஒற்று.

அறிகுறி: நம் கணினியில் தமிழ், அவர்கள் கணினியில் கிறுக்கல்

தட்டச்சுக் கடையில் பாமினி எழுத்துருவில் அடித்துவாங்கிய கடிதத்தை மின்னஞ்சலில் ஒட்டினால், "அன்புள்ள ஐயா" இப்படி வரும்:

```
md;Gs;s Iah
```

பாமினியில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான். அந்த எழுத்துரு இருக்கும் கணினி மட்டுமே அவற்றைத் தமிழாகக் காட்டும். கடைக்காரரிடம் யூனிகோடில் அடித்துத் தரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பி.டி.எஃப். கோப்பாக வாங்குங்கள். எழுத்துருவை மாற்றித் தரும் நிரல் கொண்டு யூனிகோடுக்கு மாற்றினால் முழுக் கடிதத்தையும் மறுபடி படிக்க வேண்டும். மாற்றும்போது எழுத்து இடம் மாறுவது உண்டு.

இன்னொரு நுட்பம்: துணைக்கால் ா வுக்குப் பதிலாக ர தட்டப்பட்டால், சில எழுத்துருக்களில் வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. உங்கள் ஊர்ப் பெயரைத் தேடல் பெட்டியில் புதிதாகத் தட்டிக் கடிதத்தில் தேடுங்கள். கண்ணுக்குத் தெரியும் "காரைக்குடி" தேடலில் அகப்படவில்லை என்றால் எழுத்து மாறியிருக்கிறது.

இதையெல்லாம் செய்தபின் அந்த வரைவு இப்படி ஆகிறது:

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> தங்கள் டைல்ஸ் பட்டறையில் கணக்கு உதவியாளர் பணியிடம் காலியாக உள்ளதை அறிந்தேன். அந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறேன்.
>
> அழகப்பா பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்ற கல்லூரியில் பி.காம். பட்டப்படிப்பை முடித்துள்ளேன். டேலியில் மூன்று மாதப் பயிற்சி பெற்றுள்ளேன். கல்லூரியில் படிக்கும்போது புதுவயல் அரிசி ஆலை ஒன்றில் இரண்டு மாதம் பில் போடும் வேலை பார்த்தேன். அங்கே ஜி.எஸ்.டி. பில்களையும் சரக்கு இருப்பையும் பதிவு செய்தேன்.
>
> தங்கள் பட்டறையின் கணக்குகளைப் பிழையின்றி எழுதுவேன் என்று உறுதியளிக்கிறேன். என் சான்றிதழ்களின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன். நேர்காணலுக்கு அழைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

"படிக்கும் போது" இங்கே "படிக்கும்போது" என்று சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். "போது" நேரத்தைக் குறித்து எச்சத்தோடு வரும்போது சேர்த்து எழுதுவதே இன்றைய வழக்கு. "பி.காம்." என்பதன் கடைசிப் புள்ளியும் திரும்பி வந்திருக்கிறது. ஜி.எஸ்.டி.க்குப் புள்ளி வைத்துவிட்டு இதற்கு மட்டும் விட்டால் ஒழுங்கு கெடும்.

அறிகுறி: கடிதத்தில் ஒரு பெயர், சான்றிதழில் வேறு பெயர்

இலக்கணம் முழுவதும் சரியாக இருந்தாலும் இங்கே தவறினால் கதவு மூடலாம். உங்கள் பெயரும் தலைப்பெழுத்தும் மதிப்பெண் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே கடிதத்திலும் வர வேண்டும். அங்கே "ஸ்ரீ" என்றிருந்தால் இங்கே "சிறீ" வேண்டாம். ஊர்ப் பெயர்களில் கானாடுகாத்தான் முதலிலேயே நெடில், நாட்டரசன்கோட்டையில் ன். திருப்பத்தூர் என்று மட்டும் எழுதினால் போதாது. 2019இல் அதே பெயரில் வடக்கே தனி மாவட்டம் உருவாகிவிட்டது. "திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்" என்று எழுதி, அஞ்சல் குறியீட்டையும் சேருங்கள். நிறுவனத்தின் பெயரை விளம்பரத்தில் அல்லது பெயர்ப்பலகையில் இருக்கும்படியே, இலக்கணப் பிழை இருந்தாலும் மாற்றாமல் எழுதுங்கள். முதலாளி தன் கடைப் பெயரைத் திருத்திக் கொடுக்கச் சொல்லி விளம்பரம் செய்யவில்லை.